ஒரே பதினைந்து மீட்டர், இரண்டு முளைகள்: விளையாட்டுத் திடலில் வெக்டர் கற்பித்த நிகழ்வு ஆய்வு

மேல்நிலை முதலாம் ஆண்டு இயற்பியலில் இயக்கவியல் பாடத்தைத் தொடங்கும்போது, ஸ்கேலருக்கும் வெக்டருக்கும் வரையறை கேட்டால் மாணவர்கள் பிழையில்லாமல் சொல்லிவிடுகிறார்கள். எண்மதிப்பு மட்டும் உடையது ஸ்கேலர், எண்மதிப்பும் திசையும் சேர்ந்தது வெக்டர் என்பதைக் கீழ் வகுப்புகளிலேயே அவர்கள் மனப்பாடம் செய்து வந்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர் கிழக்கே 12 மீட்டரும் பிறகு வடக்கே 9 மீட்டரும் நடந்தால் இடப்பெயர்ச்சி என்ன என்று கேட்டதும், பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டு 15 மீட்டர் என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு இழுத்து நிறுத்திவிடுகிறார்கள். திசையை எழுதவில்லையே என்று சுட்டிக்காட்டினால், மறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

அது மறதி அன்று என்பதே இந்த ஆய்வுக்குக் காரணமான கணிப்பு. அவர்களுடைய மனத்தில் இடப்பெயர்ச்சி என்பது கடந்த தொலைவின் தம்பி. சுற்றிப் போனால் தொலைவு, குறுக்கே போனால் இடப்பெயர்ச்சி. இரண்டுமே நீளங்கள், ஒன்று பெரியது, மற்றொன்று சிறியது, அவ்வளவுதான். திசை என்பது விடையோடு பின்னால் ஒட்ட வேண்டிய ஒரு சடங்காக இருக்கிறது. விடையின் உள்ளிருக்கும் பகுதியாக இல்லை. இந்த எண்ணத்தோடு ஒரு மாணவர் அடுத்த பாடங்களுக்குப் போனால், மாறாத வேகத்தில் வட்டத்தில் சுற்றும் பொருளுக்கு முடுக்கம் உண்டு என்பதை அவரால் நம்பவே முடியாது.

பள்ளிகளில் வழக்கமாகச் செய்யப்படும் திடல் செயல்பாடும் இந்தத் தவறான எண்ணத்தை உடைப்பதில்லை. ஒரு மாணவரை 'எல்' வடிவப் பாதையில் நடக்கவைத்து, நடந்த நீளத்தை அளந்து, பின்பு தொடக்கத்தையும் முடிவையும் நேராக அளந்து, முதலாவது தொலைவு, இரண்டாவது இடப்பெயர்ச்சி என்று அறிவிப்பதோடு அது முடிந்துவிடுகிறது. இரண்டையும் அளந்தது ஒரே நாடா, இரண்டுக்கும் கிடைத்தது ஒவ்வோர் எண். வெக்டர் என்பது இன்னொரு நீளம் என்று மாணவர் முடிவுக்கு வந்தால் அவரைக் குறை சொல்ல இடமில்லை. எனவே, எண் ஒன்றாக இருந்தும் விடை வேறாக இருக்கும் ஒரு நிலையைத் திடலிலேயே உண்டாக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவுக்கு இந்தப் பாடம் அமைக்கப்பட்டது.

திடலைத் தயார் செய்தது

பாடத்துக்கு அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள் தேவைப்பட்டன. வெயில் ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டும் என்பதற்காகக் காலையின் முதல் இரண்டு வேளைகளைக் கேட்டுப் பெற்றோம். உடற்கல்வி ஆசிரியரிடமிருந்து 30 மீட்டர் அளவு நாடா இரண்டு, கபடிக் களத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்புத் தூள், மர முளைகள், நீட்டினால் இழுபடாத கயிறு ஆகியவை கிடைத்தன. ஏறத்தாழ 25 மீட்டருக்கு 20 மீட்டர் அளவில் மேடு பள்ளம் இல்லாத இடம் இருந்தால் போதும்.

நீளத்தைக் காலடிகளால் அளக்கும் பழக்கத்தை முதலிலேயே தவிர்த்துவிட்டோம். உயரமான மாணவர் ஒருவரின் ஓர் எட்டு 70 சென்டிமீட்டர் என்றும் குள்ளமானவரின் எட்டு 60 சென்டிமீட்டர் என்றும் கொண்டால், இருபது எட்டில் இருவருக்கும் இரண்டு மீட்டர் வேறுபாடு வந்துவிடும். அப்போது இருவரும் வேறு வேறு இடங்களில் போய் நிற்பதற்குக் காரணம் திசையா, எட்டா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

தொடக்கத்தில் ஒரு முளையை அடித்து, அதிலிருந்து திசைகாட்டி காட்டிய கிழக்கை நோக்கி நீண்ட சுண்ணாம்புக் கோடு ஒன்று போடப்பட்டது. கைப்பேசியில் உள்ள திசைகாட்டியையும் பயன்படுத்தலாம், ஆனால் இரும்புக் கம்பத்துக்கும் சுற்றுக் கம்பிவேலிக்கும் அருகில் அது தடுமாறும் என்பதால், சில மீட்டர் விலகி நின்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. இந்த வேலைக்கு அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கோடு துல்லியமாகக் கிழக்கே போக வேண்டும் என்பதைவிட, ஒருமுறை போட்ட கோட்டை எல்லாரும் மாற்றாமல் கிழக்கு என்று ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் முக்கியம்.

செங்கோணத்தைக் கொத்தனார் முறையில் அமைத்தோம். கயிற்றில் 3, 4, 5 மீட்டருக்கு முடிச்சிட்டு, முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் 3-க்கும் 4-க்கும் இடையில் செங்கோணம் கிடைத்துவிடும். கண்ணளவில் திரும்பினால் என்ன ஆகும் என்பதையும் மாணவர்களைக் கணக்கிடச் சொன்னோம். மூலைக்கோணம் 90 பாகைக்குப் பதிலாக 93 பாகையாக அமைந்தால், 9 மீட்டர் நடந்த பிறகு ஆள் ஏறத்தாழ அரை மீட்டர் தள்ளிப் போய்விடுவார். குறுக்கு அளவும் 15 மீட்டருக்குப் பதிலாக 15.37 மீட்டர் வரும். ஆகவே நாடா 15-ஐ விட்டு ஒரு சாணுக்கு மேல் விலகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூலையைத்தான்.

இரண்டு குழுக்கள், இரண்டு முளைகள்

வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து, முதல் இரண்டு குழுக்களுக்கு மட்டும் துண்டுச் சீட்டில் கட்டளை தரப்பட்டது. குழு அ-வின் சீட்டில், "கிழக்கு நோக்கி நின்று 12 மீட்டர் நட. இடப்புறம் திரும்பு. 9 மீட்டர் நட" என்று இருந்தது. குழு ஆ-வின் சீட்டில் எண்கள் மட்டும் இடம் மாறியிருந்தன: "கிழக்கு நோக்கி நின்று 9 மீட்டர் நட. இடப்புறம் திரும்பு. 12 மீட்டர் நட." சீட்டுகளை முன்கூட்டியே உரக்கப் படித்துக் காட்டி, இரண்டு குழுவும் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டோம். "வரிசைதானே மாறியிருக்கு, ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகும் சார்" என்ற பதில் பல பக்கமிருந்து வந்தது. வெக்டர் கூட்டலில் வரிசை மாறினாலும் விடை மாறாது என்று வழிகாட்டி நூலில் படித்திருந்த மாணவி ஒருவர் அந்த விதியையே காரணமாகச் சொன்னார்.

இரு குழுக்களும் நடந்து முடித்து முளை அடித்தபோது, முளைகள் இரண்டும் நான்கு மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு நின்றன. குழு அ-வின் முளையைத் தொடக்கத்திலிருந்து நேராக அளந்தார்கள். 15 மீட்டர் வந்தது. குழு ஆ-வின் முளையை அளந்தார்கள். அதுவும் 15 மீட்டர். நடந்த தொலைவோ இருவருக்கும் 21 மீட்டர்.

இந்தப் பாடத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது என்பதால் இந்த இடத்தில் அவசரப்படாமல் நின்றோம். "ரெண்டு குழுவுக்கும் தொலைவு 21, இடப்பெயர்ச்சி 15. விடை ஒண்ணா இருக்குறப்போ ஆளு மட்டும் ஏன் வேற இடத்துல நிக்குறாங்க?" என்ற கேள்விக்குச் சற்று நேரம் யாரும் பதில் சொல்லவில்லை. முதலில் வந்த விளக்கம் அளவில் பிழை இருக்கிறது என்பது. திரும்ப அளந்தார்கள், அதே 15 வந்தது. பிறகுதான் குழு ஆ-விலிருந்து ஒரு மாணவர், "15 மீட்டர்னு மட்டும் சொன்னா பத்தாது சார், அந்தப் பக்கம் 15, இந்தப் பக்கம் 15" என்று கையை நீட்டிக் காட்டினார். திசையை எழுத மறக்கக்கூடாது என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப் போட்டாலும் கிடைக்காத ஒன்று அந்தக் கை நீட்டலில் கிடைத்தது. 15 மீட்டர் என்பது முழுமையான விடையாக இருந்திருந்தால் முளைகள் இரண்டும் ஒரே குழியில் இருந்திருக்க வேண்டும்.

அதன்பின் கையால் காட்டிய பக்கத்தை எண்ணால் சொல்ல வைத்தோம். கிழக்குக் கோட்டிலிருந்து குழு அ-வின் முளை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதற்கு tan θ = 9/12 = 0.75, கோணம் ஏறத்தாழ 37 பாகை. குழு ஆ-வுக்கு tan θ = 12/9; கோணம் ஏறத்தாழ 53 பாகை. முதலாவது இடப்பெயர்ச்சி, கிழக்கிலிருந்து வடக்காக 37 பாகையில் 15 மீட்டர். இரண்டாவது, கிழக்கிலிருந்து வடக்காக 53 பாகையில் 15 மீட்டர். இந்த இரு வாக்கியங்களையும் அவர்களே மண்ணில் எழுதினார்கள்.

வரிசை மாறினால் விடை மாறுமா?

ஆனால் விதியைச் சொன்ன மாணவியின் கேள்வி தீரவில்லை. வரிசை மாற்றிக் கூட்டினாலும் வெக்டர் கூட்டல் மாறாது என்றால், முளைகள் எப்படி மாறின? இந்தக் கேள்வி எழ வேண்டும் என்பதற்காகவே சீட்டில் இடப்புறம் என்ற சொல் வைக்கப்பட்டிருந்தது.

குழு இ-க்கு இப்போது சீட்டு தரப்பட்டது: "வடக்கே 9 மீட்டர் நட. கிழக்கே 12 மீட்டர் நட." அவர்கள் குழு அ-வின் முளையிலேயே போய் நின்றார்கள். மூன்று பாதைகளும் சுண்ணாம்பில் பதிவாகியிருந்ததால், அ-வின் பாதையும் இ-யின் பாதையும் சேர்ந்து ஒரு செவ்வகமாக மூடிக்கொண்டது எல்லாருக்கும் தெரிந்தது. இணைகர விதியை ஒரு தனி விதியாக இல்லாமல், ஒரே முளைக்கு வரும் இரண்டு வழிகளாக அவர்கள் பார்த்தார்கள்.

அப்படியானால் குழு ஆ எதை மாற்றியது என்று கேட்டபோது விளக்கம் விரைவாக வந்தது. குழு அ கூட்டியவை கிழக்கே 12, வடக்கே 9. குழு ஆ கூட்டியவை கிழக்கே 9, வடக்கே 12. இவை வரிசை மாறிய அதே வெக்டர்கள் அல்ல. எண்களை மட்டும் இடம் மாற்றிய வேறு வெக்டர்கள். இடம், வலம் என்பன நடப்பவரின் உடலோடு சேர்ந்து திரும்பும் திசைகள். கிழக்கும் வடக்கும் திடலோடு நிலைத்திருப்பவை. வெக்டரின் திசையைச் சொல்ல, எவரும் அசைக்காத ஓர் அச்சு வேண்டும். அச்சுகளை ஏன் முதலில் வரைய வேண்டும் என்பதற்குக் கணக்கு நோட்டில் கிடைக்காத காரணம் இங்கே கிடைக்கிறது; i, j என்ற ஓரலகு வெக்டர்களை அறிமுகப்படுத்த இதைவிடப் பொருத்தமான தருணம் இல்லை என்று கருதுகிறேன். குழு அ-வின் முளை 12i + 9j, குழு ஆ-வின் முளை 9i + 12j என்று எழுதியதும், முளைகள் வேறு என்பது எழுத்திலேயே தெரிந்துவிட்டது.

வெக்டர் கழித்தலையும் இதே இரண்டு முளைகளைக் கொண்டு நடத்தினோம். முதல் வெக்டரிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 3i − 3j வரும். அதன் பொருள் என்ன என்று கேட்டுவிட்டு, ஒரு மாணவரைக் குழு ஆ-வின் முளையில் நிறுத்திக் கிழக்கே 3 மீட்டரும் தெற்கே 3 மீட்டரும் நடக்கச் சொன்னோம். அவர் குழு அ-வின் முளையை அடைந்தார். இரண்டு முளைகளுக்கும் இடையே நாடாவைப் பிடித்தபோது 4.2 மீட்டர் காட்டியது. கணக்கிலும் √18, அதாவது 4.24 மீட்டர். எண்மதிப்புகளைக் கழித்தால் 15 − 15 = 0. வேறுபாடே இல்லை என்று கணக்கு சொல்லும் இடத்தில் நான்கு மீட்டர் இடைவெளி கண்முன் கிடந்தது. வெக்டர்களைக் கழிப்பதும் அவற்றின் எண்மதிப்புகளைக் கழிப்பதும் வேறு வேறு என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பன்னிரண்டும் ஒன்பதும் சேர்ந்தால்

இரண்டாவது பாடவேளையில், 12-ஐயும் 9-ஐயும் கூட்டினால் என்ன வரும் என்ற கேள்வியோடு தொடங்கினோம். கிழக்குக் கோட்டில் 12-ஆவது மீட்டரில் ஒரு முளை அடித்து, அதில் 9 மீட்டர் கயிற்றைக் கட்டி, கோலமாவு போடுவதுபோல் சுண்ணாம்புத் தூளால் அரைவட்டம் வரைந்தோம். தொடக்கத்திலிருந்து 12 மீட்டர் வந்து, பிறகு எந்தத் திசையிலாவது 9 மீட்டர் நடப்பவர் அந்தக் கோட்டின்மேல்தான் நிற்க முடியும்.

முதலில் கிழக்குக் கோட்டை முளையைத் தாண்டியும் 9 மீட்டர் நீட்டினோம். கோணங்களைக் குறிக்கப் பாகைமானி தேவைப்படவில்லை. நீட்டிய கோட்டின் நுனியிலிருந்து அதே 9 மீட்டர் கயிற்றை வட்டத்தின்மேல் நாணாகப் பிடித்தால் 60 பாகை கிடைக்கும்; அங்கிருந்து இன்னொரு முறை பிடித்தால் 120; மூன்றாம் முறை பிடித்தால் கயிற்றின் நுனி மேற்குப் பக்கம் கிழக்குக் கோட்டின்மேலேயே வந்து விழ வேண்டும். அப்படி விழாவிட்டால் கயிறு தளர்ந்திருக்கிறது என்று பொருள். நேராக, 60, 90, 120, பின்னால் என ஐந்து இடங்களில் ஐந்து மாணவர்கள் நின்றார்கள். ஐந்து பேரும் நடந்த தொலைவு 21 மீட்டர்தான்.

தொடக்க முளையிலிருந்து ஒவ்வொருவரையும் நாடாவால் அளந்தோம். நேராகப் போனவருக்கு 21 மீட்டர். 60 பாகை திரும்பியவருக்கு 18 மீட்டரும் ஏறத்தாழ கால் மீட்டரும். செங்கோணத்தில் திரும்பியவருக்கு 15. 120 பாகை திரும்பியவருக்கு 10.8, வந்த வழியே திரும்பியவருக்கு 3. நாடாவின் தொய்வால் ஐந்து பத்து சென்டிமீட்டர் முன்பின் இருந்தது. ஸ்கேலர்களாக 12-ம் 9-ம் சேர்ந்தால் 21 என்ற ஒரே விடைதான். வெக்டர்களாகச் சேரும்போது 3 முதல் 21 வரை எந்த எண்ணும் வரலாம். எது வரும் என்பதை முடிவு செய்வது திசை. வரையறையில் ஒரு சொல்லாக இருந்த திசைக்கு இங்கே வேலை கிடைத்தது. இடப்பெயர்ச்சியின் எண்மதிப்பு கடந்த தொலைவுக்குச் சமமாவது எப்போது என்ற பழைய தேர்வு வினாவுக்கு, நேராக நின்ற மாணவரே பதிலாக இருந்தார்.

பிறகு வாய்பாட்டுக்கு வந்தோம்: R² = A² + B² + 2AB cos θ. இங்கே ஆண்டுதோறும் நடக்கும் ஒரு பிழையைக் கவனித்துக் கையாள வேண்டும். 60 பாகை திரும்பியவருக்குக் கணக்கிடச் சொன்னபோது, பலர் முளையில் உருவான முக்கோணத்தின் உட்கோணத்தைப் பார்த்து 120 பாகை என்று எடுத்தார்கள். Cos 120 எதிர்க்குறி உடையது என்பதால் 10.8 மீட்டர் என்று விடை வந்தது. தாளில் செய்திருந்தால் அந்த விடையோடு அவர்கள் அமைதியாக அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்கள். இங்கே நாடா 18 மீட்டரைத் தாண்டியிருந்தது, 10.8 மீட்டரில் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார். எந்தக் கோணம் என்ற விவாதம் அவர்களுக்குள்ளேயே எழுந்தது. முளையைத் தாண்டி நீட்டி வைத்த சுண்ணாம்புக் கோடு அப்போது உதவியது: θ என்பது நடந்தவர் தன் பழைய பாதையிலிருந்து எவ்வளவு திரும்பினார் என்பது, முக்கோணத்தின் உள்ளே தெரியும் கோணம் அதன் மிகைநிரப்பி. இரண்டு வெக்டர்களின் வால்களையும் ஓரிடத்தில் வைத்து அளக்க வேண்டும் என்று பாடநூல் சொல்வதற்கும் பொருள் இதுவே. கோட்டை நீட்டாமல் இந்தச் செயல்பாட்டைச் செய்தால் பாதிப் பயன் போய்விடும்.

வேகமும் திசைவேகமும்

நிறுத்துக் கடிகாரத்தோடு ஒரு மாணவரைக் குழு அ-வின் பாதையில் சீரான நடையில் அனுப்பினோம். 12 மீட்டரை 10 வினாடியிலும் 9 மீட்டரை 7.5 வினாடியிலும் கடந்தார் என்று கொள்ளலாம். சராசரி வேகம் 21/17.5 = 1.2 மீட்டர்/வினாடி. சராசரி திசைவேகம் 15/17.5, அதாவது ஏறத்தாழ 0.86 மீட்டர்/வினாடி, கிழக்கிலிருந்து வடக்காக 37 பாகை. தொடக்கத்துக்கே திரும்பி வந்திருந்தால் சராசரி திசைவேகம் சுழி. நடந்து வியர்த்தவருக்குச் சுழியா என்ற ஆட்சேபம் எழத்தான் செய்தது, ஆனால் முளைகளை வைத்து அதை அவர்களே தீர்த்துக்கொண்டார்கள்.

கடினமான பகுதி அடுத்தது. மூலையில் திரும்பும் முன் 1.2, திரும்பிய பின்னும் 1.2, திசைவேகத்தில் மாற்றம் எவ்வளவு? சுழி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இதை நடந்து காட்ட முடியாது என்பதுதான் திடலின் எல்லை. இடப்பெயர்ச்சி மண்ணில் கிடக்கிறது. திசைவேகம் அப்படிக் கிடப்பதில்லை. எனவே ஒரு மீட்டருக்கு 1.2 மீட்டர்/வினாடி என்ற அளவில் இரண்டு அம்புகளை, வால்கள் ஒன்றாக இருக்கும்படி, மண்ணில் வரைந்தோம். ஒன்று கிழக்கே, மற்றொன்று வடக்கே. முளைகளுக்கு இடையே நடந்த அதே முறையில், முதல் அம்பின் நுனியிலிருந்து இரண்டாவதன் நுனிக்குப் போனால் வடமேற்கு நோக்கிய அம்பு கிடைத்தது. அதன் அளவு 1.2√2, ஏறத்தாழ 1.7 மீட்டர்/வினாடி. திரும்ப ஒரு வினாடி ஆனால், சராசரி முடுக்கம் 1.7 மீட்டர்/வினாடி², வடமேற்கே.

இது வெறும் கணக்கு என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, அதே மூலையில் ஒரு மாணவரை மெல்லோட்டத்தில் திரும்பவைத்துக் காலடித் தடத்தைப் பார்த்தோம். செம்மண் உதிரியாக இருந்ததால் தடம் தெளிவாக விழுந்திருந்தது. அவர் ஊன்றிய வலது காலின் தடத்தில், தென்கிழக்கு விளிம்பில் மண் ஒரு சிறு வரப்பாகத் தள்ளப்பட்டிருந்தது. எதிர் விளிம்பு வழுவழுப்பாக இருந்தது. கால் மண்ணைத் தென்கிழக்கே தள்ளியிருக்கிறது, மண் அவரை வடமேற்கே தள்ளியிருக்கிறது. வேகம் மாறாதபோதும் விசை தேவைப்பட்டிருக்கிறது, அந்த விசையின் திசையும் அம்பு காட்டிய திசையே. ஈரமாக இறுகிய தரையிலோ சிமெண்டுத் தளத்திலோ இதைப் பார்க்க முடியாது.

வகுப்பறைக்குத் திரும்பிய பின்

திசை இருந்தால் வெக்டர் என்ற முடிவோடு மாணவர்களை விட்டுவிடுவதும் ஆபத்து என்பதால், மறுநாள் வகுப்பில் மின்னோட்டத்தை எடுத்தோம். கம்பியில் மின்னோட்டத்துக்கு அம்புக்குறி போடுகிறோம், அது வெக்டரா? ஒரு சந்திக்கு ஒரு கம்பியில் 12 ஆம்பியரும் மற்றொரு கம்பியில் 9 ஆம்பியரும் வந்து சேர்ந்து மூன்றாவது கம்பியில் வெளியேறுகின்றன. இரு கம்பிகளுக்கும் இடையே 60 பாகை இருந்தாலும் 90 பாகை இருந்தாலும் மூன்றாவதில் பாய்வது 21 ஆம்பியர். கம்பியை எப்படி வளைத்தாலும் இந்த எண் அசையாது. முந்தின நாள் அதே 12-ம் 9-ம் திடலில் 3 முதல் 21 வரை நகர்ந்ததைப் பார்த்தவர்கள் என்பதால், அம்பு இருப்பது மட்டும் போதாது, முக்கோண விதிப்படி கூடவும் வேண்டும் என்பதை அவர்களே சொன்னார்கள். மின்னோட்டம் ஸ்கேலர்.

ஒரு வாரம் கழித்துக் கொடுத்த எழுத்துத் தேர்வில் இடப்பெயர்ச்சிக்குத் திசை எழுதாதவர்கள் குறைந்திருந்தார்கள். எழுதியவர்களும் வடகிழக்கு என்று பொதுவாக எழுதாமல், எந்த அச்சிலிருந்து எத்தனை பாகை என்று குறித்திருந்தார்கள். மூலையில் திரும்பும் ஊர்தியின் திசைவேக மாற்றம் கேட்ட வினாவில் சுழி என்ற விடை சிலரிடம் மட்டுமே எஞ்சியிருந்தது.

ஆனால் வேறொரு பிழை அப்படியே இருந்தது. 7 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டப் பாதையில் நடந்தவரின் தொலைவு 22 மீட்டர், இடப்பெயர்ச்சி 14 மீட்டர் என்று சரியாக எழுதியவர்களில் பலர், பாதையின் நடுவில் அவருடைய திசைவேகம் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கும் தொடக்கத்திலிருந்து அவர் நிற்கும் இடத்தை நோக்கிய திசையையே விடையாகத் தந்திருந்தார்கள். நேர்கோட்டுத் துண்டுகளால் ஆன பாதையில் மட்டுமே அவர்கள் நடந்திருந்ததுதான் இதற்குக் காரணம். அந்தப் பாதையில் ஒவ்வொரு துண்டிலும் கணநேரத் திசைவேகம் துண்டின் வழியாகவே இருப்பதால், தொடுகோடு என்ற எண்ணம் எழவே வாய்ப்பில்லை. அடுத்த வகுப்புக்கு, 9 மீட்டர் கயிற்றால் போட்ட அதே அரைவட்டத்தின்மேல் ஒருவரை நடக்கவைத்து, விசில் அடித்ததும் அவர் கால் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறதோ அந்தப் பக்கமாக நேரே நடக்கச் சொல்லி, அந்தத் தடத்துக்கும் சுண்ணாம்புக் கோடு போடுவதாக இருக்கிறோம். அந்தக் கோட்டுக்கும் முளையிலிருந்து வரும் கயிற்றுக்கும் இடையே 3-4-5 கயிற்றை வைத்துப் பார்த்தால் செங்கோணம் பொருந்த வேண்டும்.